பழைய பதிப்புக்குத் திரும்பலாமா

பேருந்துக் கம்பெனியின் தலைமைப் பணிமனையில் ஏகப்பட்ட கம்ப்யூட்டர்கள். அத்தனையையும் கட்டி மேய்க்க ஒரே ஒரு ஆள். பிரிண்டர் பேப்பரைக் கடித்துத் துப்பினாலும் அவன்தான், மேலாளர் பாஸ்வேர்டை மறந்தாலும் அவன்தான். எல்லோருக்கும் அவன் 'கம்ப்யூட்டர் தம்பி'. தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் தம்பி பட்டம் போகவில்லை.

அப்டேட் என்ற சொல்லே அவனுக்குப் பிடிக்காது. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாமல் இந்த மென்பொருள் கம்பெனிக்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. ஆனால் இந்தத் தடவை வந்தது சாதாரணம் இல்லை. மெயில் புரோகிராமின் பழைய பதிப்பில் ஓட்டை இருக்கிறது, இணைப்பாக வரும் ஒரு படத்தைத் திறந்தாலே வெளியாள் உள்ளே நுழைந்துவிடலாம், எல்லா மேசையிலும் புதிய பதிப்பைப் போட்டே ஆக வேண்டும், யாரும் பழையதற்குத் திரும்பக் கூடாது என்று நிர்வாகத்திலிருந்து சுற்றறிக்கை. அவனும் முறையாகவே செய்தான். ஒவ்வொரு மேசையிலும் மெயில் கோப்புறையை அப்படியே நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் புதியதைப் போட்டான்.

மறுநாள் காலையில் தொலைந்த பொருள் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள்.

அந்தப் பிரிவு கட்டடத்தின் பின்பக்கம், பேருந்துகளைக் கழுவும் இடத்தை ஒட்டி இருக்கிறது. நீளமான அறை. சுவர் முழுக்க இரும்பு அலமாரிகள். அலமாரிகள் முழுக்கப் பயணிகள் மறந்துவிட்டுப் போன சாமான்கள்: பைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்பு, ஒரு பல்செட்டு, கணக்கில்லாத குடைகள். பிரிவை நடத்துபவளைக் 'குடை அக்கா' என்றுதான் டிரைவர்கள் சொல்வார்கள். சில வருடங்களுக்கு முன் ஏதோ நோய் வந்து இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகும் எந்தக் குடை எந்தத் தட்டில் என்று தடவிப் பார்க்காமல் சொல்வாள். கண் தெரியாததால் தாமதமாயிற்று, கண் தெரியாததால் பிசகாயிற்று என்ற பேச்சு மட்டும் தன் மேசையில் எழவே கூடாது என்பது அவளுடைய வைராக்கியம்.

தொலைத்தவர்கள் எல்லோரும் மெயிலில்தான் எழுதுவார்கள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று அவள் கம்ப்யூட்டரில் உண்டு. அந்தக் குரலுக்கு 'வாயாடி' என்று பெயர் வைத்திருந்தாள். வாயாடி பேசும் வேகத்துக்கு மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. அவள் ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, அம்புக்குறி விசையைத் தட்டிக்கொண்டே, யார் எழுதியது, என்ன தலைப்பு, படித்ததா படிக்காததா என்று கேட்டுக் கடகடவென்று பிரித்துப் போட்டுவிடுவாள்.

"தம்பி, வாயாடி ஊமையாயிட்டா" என்றாள், அவன் உள்ளே நுழைந்த காலடிச் சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டு. "இங்க வந்து கேளு."

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி ஒலியை வெளியே விட்டாள். விசையைத் தட்டினாள்.

"வரிசை" என்றது குரல். மறுபடி தட்டினாள். "வரிசை." மறுபடியும். "வரிசை."

மெயில் பட்டியலின் தோற்றத்தைப் புதிய பதிப்பில் மாற்றியிருந்தார்கள். கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அனுப்பியவர் பெயரையும் தலைப்பையும் வாசிக்கும் மென்பொருளிடம் ஒப்படைக்க மறந்துவிட்டார்கள். தோற்றத்தைப் பழைய மாதிரி மாற்றிப் பார்த்தான். அப்போதும் "வரிசை" தான். ஒரு மெயிலைத் திறந்துவிட்டால் உள்ளே இருப்பதை ஒழுங்காக வாசித்தது. எதைத் திறக்கிறோம் என்பதுதான் தெரியாது. இணையம் வழியாக மெயில் பார்க்கும் வசதியை நிர்வாகம் முன்பே மூடிவிட்டது.

அவன் தன் இடத்துக்குப் போய்த் தேடினான். மென்பொருள் செய்தவர்களின் குறைகள் பக்கத்தில் பார்வையற்றவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஏற்கெனவே புலம்பியிருந்தார்கள். கீழே ஒரு பதில்: 'பிழை உறுதி செய்யப்பட்டது. அடுத்த வெளியீட்டில் சரியாகும்.' எப்போது என்று இல்லை.

அவன் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டுவிட்டு அவள், "பழசுக்கே போயிடலாமா தம்பி?" என்றாள். "உன்னால முடியும்தானே?"

முடியும். புதியதை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டால் மட்டும் போதாது. புதிய பதிப்பு ஒருமுறை தொட்ட கோப்புறையைப் பழையது திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். வலுக்கட்டாயமாகத் திறந்தால் ஏதாவது கெட்டுப்போகலாம். ஆனால் அவனிடம்தான் முந்தைய நகல் இருந்ததே. அதைத் திரும்ப வைத்து, தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவிட்டால் தீர்ந்தது. மெயில்கள் எல்லாம் சர்வரில் பத்திரமாக இருப்பதால் இடையில் வந்தவையும் தாமாக வந்து சேர்ந்துவிடும். ஒரு டீ குடித்து முடிக்கும் வேலை.

"முடியும் அக்கா. ஆனா ஓட்டை இருக்குன்னு சொல்றாங்களே" என்று இழுத்தான். "இந்தக் கட்டடத்துலயே முன்னப்பின்ன தெரியாதவங்க படம் அனுப்பற மேசை உங்களோடதுதான். இந்தப் பை என்னோடது பாருன்னு தினமும் படம் வருது. ஓட்டை வழியா எவனாவது வரணும்னா இங்கதான் முதல்ல வருவான்."

அது உண்மை. முழு உண்மை அதற்குக் கொஞ்சம் கீழே கிடந்தது. போன வருடம் காசாளருக்காக மனமிரங்கி, சுற்றறிக்கையை மீறி ஒரு மென்பொருளைப் பழையதாக்கிக் கொடுத்தான். மாட்டிக்கொண்டான். மெமோ வந்தது. மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். சூடு கண்ட பூனையாக இருந்தான் அவன்.

அவள் மேசையின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு மெயில் வரணும் தம்பி. ஆபீஸ் மெயில் இல்ல. வீட்டு விஷயம்."

அவள் வீட்டு விஷயம் பேசி அவன் கேட்டதே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

பார்வை மங்கத் தொடங்கியபோது அவள் அம்மாவிடமும் தங்கையிடமும் சொல்லவில்லையாம். பரிதாபப்படுவார்கள், கூட்டிக்கொண்டுபோய் மூலையில் உட்கார வைப்பார்கள் என்று பயம். அந்தச் சமயத்தில்தான் அப்பா இறந்தார். அவள் போகவில்லை. தட்டுத் தடுமாறி அந்தக் கூட்டத்தின் நடுவே போய் நிற்க மனம் வரவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். பெற்ற அப்பன் சாவுக்கே வராத கல்நெஞ்சுக்காரி என்று அவர்கள் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். போக்குவரத்து அறுந்தது. போன் நம்பர்கள் மாறின.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு காதுல விழுந்துச்சு. போன வாரம் தங்கச்சிக்கு லெட்டர் டைப் பண்ணித் தபால்ல போட்டேன். எல்லாத்தையும் எழுதிட்டேன். கண்ணு போனதைக்கூட. இனிமே உங்ககிட்ட எதையும் மறைக்க மாட்டேன், அம்மா என்னைப் பார்க்க சம்மதிச்சா ஒரு வரி எழுதுன்னு இந்த மெயில் அட்ரஸ்தான் குடுத்தேன்."

"போன் நம்பர் குடுத்திருக்கலாமே அக்கா."

"வராதேன்னு அவ குரல்ல கேட்க எனக்குத் தெம்பு இல்ல. எழுத்துன்னா வாயாடி சொல்லுவா. அவளுக்கு அழத் தெரியாது, திட்டத் தெரியாது. யாரும் பக்கத்துல இல்லாம நானே கேட்டுக்கலாம்."

அவன் அந்த நிமிடமே எழுந்துபோய் நகலை எடுத்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. மெமோவின் ஒவ்வொரு வரியும் அவனுக்கு மனப்பாடமாக இருந்தது.

"ஒண்ணு பண்ணலாம் அக்கா. சரியாகற வரைக்கும் காலையில ஒருதடவை, மதியம் ஒருதடவை நானே வந்து பட்டியலை வாசிக்கறேன். தங்கச்சி பேரைச் சொல்லுங்க. அந்தப் பேர் வந்ததும் நான் வாயே திறக்க மாட்டேன். மெயிலைத் திறந்து வச்சுட்டு வெளியே போயிடறேன். நீங்க கேட்டுக்குங்க."

அவள் சம்மதித்தாள். வேறு என்ன செய்வாள்? தங்கையின் பெயரை இரண்டு தடவை, எழுத்துக் கூட்டுவது போலச் சொன்னாள்.

முதல் சில நாட்கள் எல்லாம் கச்சிதமாக நடந்தது. அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, யார், என்ன தலைப்பு என்று வாசிப்பான். திறக்க வேண்டியதைத் திற என்பாள். வாயாடி உள்ளே இருப்பதைச் சொல்வாள். அவள் பதில் தட்டுவாள். ஒரு ஆள் தன் மாமியாருக்கு வாங்கிய சேலையைப் பேருந்தில் விட்டுவிட்டு, கிடைத்தால் மாமியார் வீட்டுக்கு மட்டும் போன் செய்துவிடாதீர்கள் என்று எழுதியிருந்ததைக் கேட்டு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாசித்து முடிந்ததும், "அவ பேர்ல ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பாள். "இல்லக்கா" என்பான். "சரி" என்பாள். அந்தச் சரியைக் கேட்பதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

குறைகள் பக்கத்தைத் தினமும் பார்த்தான். 'சோதனையில் இருக்கிறது' என்று போட்டார்கள். பிறகு, 'எதிர்பார்த்ததைவிடத் தாமதமாகும்' என்றார்கள். இத்தனை நாள் காத்தாயிற்று, இப்போது போய்ப் பழையதைப் போட்டால் இரண்டாம் நாளே சரி செய்த பதிப்பு வந்து நிற்கும், வீணாக ஏன் வம்பு என்று அவன் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான். காத்திருப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள்.

இதற்கிடையில் சம்பளப் பிரிவில் ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மேலாளர் நாளுக்கு நான்கு முறை கூப்பிட்டார். தொலைந்த பொருள் பிரிவிலோ மெயில்கள் குவிந்தன. அவற்றில் பாதிக்குத் தலைப்பே இருக்காது. அவசரத்தில் எழுதுகிறவர்கள் தலைப்புப் போடுவதில்லை. பை போயிற்று என்று மட்டும் எழுதியிருப்பார்கள். எந்தப் பை, எந்தப் பேருந்து என்று இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு அனுப்ப அவளிடம் ஒரு ரெடிமேட் பதில் உண்டு. அவளுக்குப் பார்வை இருந்த காலத்தில் அவளே எழுதி வைத்தது. ஆனால் ஒவ்வொன்றையும் திறந்து கேட்காமல் அவள் அதை அனுப்பியதில்லை.

"அக்கா, தலைப்பு இல்லாததை எல்லாம் மொத்தமா செலக்ட் பண்ணி ரெடிமேட் பதிலை அனுப்பிடட்டுமா? எப்படியும் அதைத்தானே அனுப்பப் போறோம். அங்க சம்பளம் நிக்குது" என்றான் ஒரு காலையில்.

அவள் யோசித்தாள். "யார்கிட்டேயிருந்துன்னு மட்டும் பார்த்துக்க."

பார்த்தான். பார்த்தான் என்றால், தங்கையின் பெயர் இருக்கிறதா என்று மேலிருந்து கீழே ஒரு ஓட்டு ஓட்டினான். இல்லை. எல்லாம் முன்பின் தெரியாத பெயர்கள். ஒன்று ஏதோ பெயின்ட் கடையின் பெயர். அத்தனையையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, பதிலை ஓடவிட்டான். ஒரு நொடியில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

"ஆச்சு அக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

ஒரு வாரம் கழித்து, ஒருவழியாகச் சரி செய்த பதிப்பு வந்தது. அவனுக்கு இருந்த சந்தோஷத்தில் வேறு எந்த மேசைக்கும் போகாமல் நேரே அவளிடம்தான் வந்தான். போட்டான். திறந்தான். "தட்டுங்க அக்கா" என்றான்.

அவள் தட்டினாள். வாயாடி மடை திறந்தது போலக் கொட்டினாள். பெயர், தலைப்பு, தேதி, படித்தது, படிக்காதது எல்லாம். அவள் முகத்தில் எத்தனையோ நாளாகக் காணாத சிரிப்பு வந்தது. "இவ வாயைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு!" என்றாள். புதிதாக வந்தவற்றை முடித்துவிட்டுப் பழையவற்றின் பக்கம் போனாள். தான் இல்லாதபோது தன் வீட்டில் என்ன நடந்தது என்று அறை அறையாகப் போய்ப் பார்ப்பவள் போல, கீழே கீழே போய்க்கொண்டே இருந்தாள். அவன் பக்கத்தில் பரிசு வாங்கிய பிள்ளையாக நின்றுகொண்டிருந்தான்.

விரல் நின்றது. ஒரு வரி மேலே போனாள். மறுபடி கீழே வந்தாள்.

"இது என்ன கடை தம்பி?"

அவன் குனிந்து பார்த்தான். பெயின்ட் கடை. தலைப்பு இல்லை. பதில் அனுப்பியாயிற்று என்பதற்கான வளைந்த அம்புக்குறி பக்கத்தில் இருந்தது.

"என் தங்கச்சி புருஷன் கடை" என்றாள்.

அவள் திறந்தாள். குரல் அவள் காதுக்குள் மட்டும் பேசியது. அவனுக்குத் திரையிலேயே தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தான், ஆனாலும் கண் படித்துவிட்டது.

'அக்கா, உன் லெட்டர் கெடச்சுது. கண்ணு போனது எங்களுக்குத் தெரியாதே, ஏன் சொல்லாம இருந்த? அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அழுதுட்டே இருக்கா. ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம். ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். உன்னைப் பார்க்கணுங்கறா. ஒரு வரி எழுது, எந்த நேரமானாலும் இவரே வந்து கூட்டிட்டு வருவார்.' கீழே கடையின் நம்பர்.

அவள் அழவில்லை. பதற்றப்படவும் இல்லை. அனுப்பிய மெயில்களுக்குப் போய், தன் பெயரில் தங்கைக்குப் போன பதிலைத் தேடி எடுத்தாள். ஒலியை வெளியே விட்டாள். அவனும் கேட்க வேண்டும் என்றுதான் விட்டாளோ, கை தவறியதோ, அவனுக்குத் தெரியாது.

"வணக்கம்" என்றது வாயாடி, ஏற்ற இறக்கமே இல்லாமல். "தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் தொலைத்தது எது, அதன் நிறம், அளவு, கடைசியாக எங்கே பார்த்தீர்கள் ஆகிய விவரங்களை எழுதவும். அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளப்படாதவை மூன்று மாதங்களுக்குப் பின் அப்புறப்படுத்தப்படும். இப்படிக்கு." பிறகு அவளுடைய பெயரும் பதவியும்.

வெளியே பேருந்தைக் கழுவும் தண்ணீர்ச் சத்தம். "அக்கா" என்றான்.

"அந்த நம்பரைப் போட்டுக் குடு" என்றாள்.

போட்டுக் கொடுத்தான். வெளியே போகவும் தோன்றவில்லை, நிற்கவும் முடியவில்லை. அலமாரியைப் பிடித்தபடி நின்றான். அந்தப் பக்கம் தங்கையே எடுத்தாள் போலிருக்கிறது. போனின் ஒலி பலமாக இருந்ததால் தங்கை பேசுவதும் அவனுக்குக் கேட்டது.

"அம்மா எப்படி இருக்கா?" என்றாள் இவள்.

"முந்தாநாள் எல்லாம் முடிஞ்சிருச்சுக்கா."

இவள் கண்களை மூடிக்கொண்டாள். மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான் என்றாலும் மூடிக்கொண்டாள்.

"அந்தப் பதிலை நான் அம்மாகிட்ட காட்டலை" என்று தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. "நீ வர்றதா பதில் எழுதியிருக்கறதா சொல்லிட்டேன். அவ சந்தோஷமா இருந்தா. யார் கதவைத் திறந்தாலும் உன் பேரைத்தான் சொன்னா. அப்பா சாவுக்கு வரலைன்னு நாங்க பேசுனதுக்கு நீ இப்படிப் பழி வாங்கிட்டியேன்னு நான்தான் வயிறெரிஞ்சு கெடந்தேன். ஏன்க்கா? நீதான் அதை அனுப்பினியா?"

கம்ப்யூட்டர் தம்பி ஓரடி முன்னால் வந்தான். போனை வாங்கி, நான்தான் அனுப்பினேன், படிக்காமல் அனுப்பினேன், பழையதைப் போட்டுத் தரச் சொன்னபோதும் பயந்துகொண்டு போடாமல் விட்டேன் என்று கத்திவிட வேண்டும் போல இருந்தது. கையை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தன் இடது கையால் பிடித்துத் தடுத்தாள்.

"நான்தான் அனுப்பினேன்" என்றாள் போனில். "பார்க்காம அனுப்பிட்டேன். எனக்குத்தான் கண்ணு தெரியாதில்ல. தப்பாயிடுச்சும்மா."

அந்தப் பக்கம் தங்கை ஓவென்று அழுதாள். இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வர்றேன், இப்பவே கிளம்பி வர்றேன் என்று நாலைந்து தடவை சொன்னாள். பிறகு போனை வைத்தாள்.

"ஏன்க்கா?" என்றான் அவன். கண்ணீர் தாடை வரை வந்திருந்தது. "செஞ்சது நான். நீங்க ஏன்?"

அவள் மேசையடியில் தடவித் தன் கைப்பையை எடுத்தாள். கோலை எடுத்து விரித்தாள். கதவுவரை போனவள் திரும்பாமலேயே நின்றாள்.

"இன்னொருத்தன்னு சொல்லியிருந்தா அவ உன்னைத்தான் சபிச்சுட்டு இருப்பா. நீ நல்லது செய்யத்தான் பார்த்த" என்றாள். "ஆனா தம்பி, இனிமே எதையும் மறைக்க மாட்டேன்னு எழுதிப் போட்டவ நான். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் பேசுன முதல் பேச்சே பொய்யாப் போச்சு."

அவன் கூட வருவதாகச் சொன்னான். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கோலைத் தட்டிக்கொண்டு, ஈரமான முற்றத்தைக் கடந்து அவள் போனாள்.